அப்பாவின் கிட்னி நின்றுபோன வாரம்

டயாலிசிஸ் டெக்னீசியனாகப் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அடுத்தவர் அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்து, "ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. போன மே மாதம் அதே வார்த்தையை ஒரு டூட்டி டாக்டர் என்னிடம் சொன்னார்.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது, அறுபத்திரண்டு கிலோ. விருதுநகர் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டாலும் தினமும் போய்ப் பார்க்காமல் இருக்க மாட்டார். பத்து வருடமாகச் சுகர், ஏழு வருடமாகப் பிரஷர். காலையில் டெல்மிசார்ட்டான் 40 மில்லிகிராமும் ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 மில்லிகிராமும் சேர்ந்த பிரஷர் மாத்திரை ஒன்று. சுகருக்கு மெட்ஃபார்மின் இரண்டு வேளை, கிளிமெபிரைடு ஒரு வேளை. ஜனவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ஏறுகிற கிரியாட்டினின் 1.1. அவர் வயதுக்கு நல்ல நம்பர்தான்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். அன்று ராத்திரியே வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது. திங்கட்கிழமை பன்னிரண்டு தடவை, செவ்வாய் எண்ண முடியவில்லை. நடுவில் நாலைந்து முறை வாந்தி. உடம்பெல்லாம் முறித்துப் போட்டது போல வலிக்கிறது என்று கடையில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கி, காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றும் போட்டிருக்கிறார். செவ்வாய் சாயங்காலம் நான் போன் செய்தேன். கேட்ட ஒரே கேள்வி, "சுகர் எவ்வளவு இருக்கு?" நான் கேட்டிருக்க வேண்டியது அதுவல்ல.

புதன்கிழமை காலை முதல் ஷிப்டுக்கு மெஷின்களைத் தயார் செய்துகொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். "எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டுதுங்கறாரு. பேச்சும் ஒரு மாதிரி குழறுது." அப்போதுதான் கேட்டேன், மூத்திரம் போனாரா என்று. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, நேற்று மத்தியானம் கொஞ்சம் போனார், கடுங்காப்பி நிறத்தில் இருந்தது என்றாள். மத்தியானத்திலிருந்து மறுநாள் காலைவரை ஒன்றுமில்லை. கார் பிடிக்கச் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 86/54, நாடி 114, நாக்கு காய்ந்த சருகு போல. சுகர் 58. ரத்தத்தில் கிரியாட்டினின் 3.8, யூரியா 184, பொட்டாசியம் 6.2. மூத்திரக் குழாய் போட்டதும் பையில் இறங்கியது அறுபது மில்லி. எனக்கு இந்த நம்பர்களெல்லாம் பழக்கம். தாளின் மேலே அப்பா பேர் இருந்ததுதான் பழக்கமில்லாதது.

இதற்கு அக்யூட் கிட்னி இஞ்சுரி என்று பேர். திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று எழுதலாம். கிரியாட்டினின் ஏழு நாளுக்குள் பழைய அளவைவிட ஒன்றரை மடங்கு ஏறினாலோ, இரண்டே நாளில் 0.3 கூடினாலோ இந்தப் பேர் வைக்கிறார்கள். மூன்று மடங்கு தாண்டினால் கடைசி நிலை, அதாவது மூன்றாம் நிலை. அப்பாவுக்கு 1.1 மூன்றரை மடங்காகியிருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று அப்பாவுக்குப் பிற்பாடு விளக்கும்போது எனக்குக் கைகொடுத்தது வயல்தான்.

கிட்னிக்குள் ரத்தத்தை வடிகட்டும் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கின்றன, ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம். ஒவ்வொரு முடிச்சையும் ஒரு பாத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உள்ளே வர ஒரு மடை, வெளியே போக ஒரு மடை. பாத்தியில் தண்ணீர் ஓரளவு அழுத்தத்தோடு நின்றால்தான் அடியில் கசியும். அந்தக் கசிவுதான் மூத்திரத்தின் ஆரம்பம். நல்ல உடம்பில் இரண்டு கிட்னிகளுக்கும் நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ரத்தம் போகிறது. அதில் நூற்றிருபது மில்லி போலக் கசிகிறது. ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர்! கிட்டத்தட்ட அத்தனையையும் கிட்னி திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே அனுப்புகிறது.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் விவசாயி என்ன செய்வார்? உள்மடையை அகலத் திறப்பார். வெளிமடையில் மண்ணைப் போட்டுக் குறுக்குவார். வரத்து குறைந்தாலும் பாத்தியில் தண்ணீர் நிற்கும். கிட்னியும் அப்படியே செய்கிறது. உள்மடையைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். வெளிமடையை இறுக்குவது ஆஞ்சியோடென்சின். பேதியில் உடம்பு வற்றும்போது இந்த இரண்டு கைகளும் சேர்ந்து வேலை செய்வதால்தான் நம்மில் பெரும்பாலோர் கிட்னிக்கு ஒன்றும் ஆகாமல் எழுந்துவிடுகிறோம்.

இப்போது அப்பா போட்ட மாத்திரைகளைப் பார்க்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேலை செய்வதே புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான். வலி குறைகிறது, கூடவே உள்மடையும் சுருங்குகிறது. டெல்மிசார்ட்டான் ஆஞ்சியோடென்சினைத் தடுப்பது. வெளிமடையில் போட்ட மண்ணை அது வாரி எடுத்துவிடுகிறது. லோசார்ட்டான், எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாமும் அந்தக் குடும்பம்தான். ஹைட்ரோகுளோரோதையசைடு உப்பையும் நீரையும் வெளியேற்றும் மாத்திரை. ஏற்கெனவே வற்றிய வாய்க்காலில் மோட்டார் போட்டு இறைப்பது போல. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால், தடுக்க கிட்னியிடம் கை எதுவும் மிச்சமில்லை.

அப்பா கேட்ட கேள்வியை இங்கே எழுதியாக வேண்டும். "அப்போ அந்த பிரஷர் மாத்திரைதான் என் கிட்னியக் கெடுத்துச்சா?"

இல்லை. ஊரில் நூற்றுக்கு எண்பது பேர் நம்புவது இதைத்தான், எங்கள் யூனிட்டுக்கு வருபவர்களில் சிலர் மாத்திரையை நிறுத்தியதால் வந்தவர்கள் என்பதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சுகர் உள்ளவர்களுக்குச் சாதாரண நாட்களில் பிரச்சினை நேரெதிர். பாத்தியில் அழுத்தம் அதிகமாகி வரப்பு அரிக்கிறது, மூத்திரத்தில் புரதம் ஒழுகுகிறது. வெளிமடையைக் கொஞ்சம் திறந்துவிட்டு அந்த அழுத்தத்தைக் குறைப்பதுதான் டெல்மிசார்ட்டானின் வேலை. வருடக்கணக்கில் கிட்னியைக் காப்பாற்றுவது அது. தண்ணீர் நிறைந்த நாளில் காப்பாற்றும் அதே திறந்த மடை, வறண்ட மூன்று நாளில் பாத்தியைக் காயவிட்டது. மாத்திரை மாறவில்லை, வாய்க்கால்தான் மாறியது.

வீட்டில் நடந்த மற்ற காரியங்களும் இதே கதைதான். அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவள் செய்த ஒவ்வொன்றும் ஏதோ ஒரு டாக்டர் என்றோ சொல்லிக்கொடுத்தது. பிரஷருக்கு உப்புக் குறைக்க வேண்டும் என்பதால் கஞ்சியில் உப்பே போடவில்லை. சுகர்காரருக்கு இனிப்பு ஆகாது என்பதால் பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்பதால் வாந்தியெடுத்த அரை மணியில் மறுபடி மாத்திரை கொடுத்தாள். அந்தக் கடைசிக் கட்டளை என்னுடையது. "நீதானேப்பா சொன்ன" என்றாள், ஐ.சி.யு. வாசலில்.

ஓ.ஆர்.எஸ். பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அதோடு கொஞ்சம் பொட்டாசியமும் சிட்ரேட்டும். அந்தக் குளுக்கோஸ் ருசிக்காகப் போட்டதல்ல. குடலில் உப்பைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போவது அதுதான், உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. பேதியில் கிடக்கும் சுகர்காரர் அதைக் குடிக்கலாம், குடிக்க வேண்டும். சுகரை நடுநடுவே பார்த்துக்கொண்டால் போதும். பெரிய பாக்கெட் என்றால் முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாதி பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கினால் உப்பு கூடிப்போய் நிலைமை இன்னும் மோசமாகும்.

அப்பா குடித்தது இளநீர். இரண்டு நாளில் ஏழெட்டு. இளநீரில் சோடியம் குறைவு, பொட்டாசியம் நிறைய. பேதியில் போவதோ பெரும்பாலும் சோடியம். மூத்திரம் நன்றாகப் போகிற ஆளுக்கு இளநீரால் ஒரு தொந்தரவும் இல்லை. மூத்திரம் நின்றவருக்குப் பொட்டாசியம் வெளியேற வழியில்லை, டெல்மிசார்ட்டான் அந்த வழியை மேலும் அடைக்கும். அப்பாவின் 6.2 அப்படி வந்த நம்பர். கிரியாட்டினின் யாரையும் உடனே கொல்லாது. பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். அதனால்தான் வந்தவுடன் இ.சி.ஜி. எடுத்து, நரம்பில் கால்சியம் குளூக்கோனேட் போட்டார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் கேடயம் மட்டும். பிறகு இன்சுலினோடு குளுக்கோஸ், அப்புறம் ஆஸ்துமாவுக்கு வைக்கிற அதே சால்பியூட்டமால் நெபுலைசர். இவை பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் தள்ளிச் சில மணி நேர அவகாசம் வாங்கித் தரும். அப்பாவின் சுகர் தாழ்ந்து கிடந்ததால் முதலில் அதைத் தூக்கிவிட்டுத்தான் இன்சுலினைத் தொட்டார்கள்.

சுகர் 58 ஏன்? சாப்பாடு இல்லை, கிளிமெபிரைடு மட்டும் போயிருக்கிறது. கிட்னி நின்றால் அந்த மாத்திரையும் இன்சுலினும் உடம்பில் அதிக நேரம் தங்கும். பேச்சு குழறியதற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கும் என்றார் டாக்டர். மெட்ஃபார்மின் வேறு ரகம். அது கிட்னியைக் கெடுப்பதில்லை, ஆனால் கிட்னி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். போகாமல் சேர்ந்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. இப்போது நிறையப் பேர் எடுக்கிற டாபாகிளிஃப்ளோசின் வகையையும் இதில் சேர்க்க வேண்டும். அது சுகரை மூத்திரத்தில் தள்ளும்போது தண்ணீரும் கூடப் போகிறது. சாப்பிடாமல் கிடக்கும்போது சுகர் அவ்வளவாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும், மீட்டரில் பார்த்தால் தெரியாது.

முதல் இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் சலைன் போனது. பிரஷர் 104க்கு வந்தது. அதன் பிறகு எல்லோர் கண்ணும் மூத்திரப் பையில்தான். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டும், அப்பாவுக்கு முப்பது மில்லி. முதல் மணியில் பத்து, அடுத்து பன்னிரண்டு, பதினெட்டு. ஆறாவது மணியில் நாற்பது. பையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன், நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

ஸ்கேனில் இரண்டு கிட்னியும் வழக்கமான அளவு, அடைப்பு எதுவும் இல்லை. இந்த வயது ஆண்களுக்குப் புரோஸ்டேட் வீங்கி மூத்திரம் தேங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் அதைப் பார்த்தே தீர வேண்டும். யூரியா கிரியாட்டினினைப் போல நாற்பத்தெட்டு மடங்கு. நாற்பதைத் தாண்டினால் நீர் வற்றல்தான் முதல் சந்தேகம், ஏனென்றால் வற்றிய உடம்பு தண்ணீரை உறிஞ்சும்போது யூரியாவையும் கூடவே இழுத்துக்கொள்ளும். எல்லாம் நல்ல பக்கமே காட்டின.

ஆனால் வியாழக்கிழமை காலை கிரியாட்டினின் 4.1. அம்மா உட்கார்ந்து அழுதாள். மூத்திரம் போகிறதே, எப்படி ஏறும் என்று தம்பி டாக்டரிடம் சண்டைக்கே போய்விட்டான். கிரியாட்டினின் என்பது நேற்றைய பேப்பர். தசையிலிருந்து தினமும் வரும் குப்பை அது, கிட்னி நின்றுபோன பிறகு ஒன்றிரண்டு நாளில் மெதுவாகச் சேரும், கிட்னி எழுந்த பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். அதனால்தான் பேதி ஆரம்பித்த முதல் நாளில் ரத்தம் எடுத்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் மூன்றாம் நாள் எங்களிடம் வருகிறார்கள். இன்றைய செய்தி மூத்திரப் பையில்தான் இருக்கிறது. வெள்ளி 3.0, சனி 2.1, ஞாயிறு 1.6. திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது 1.4. டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நாற்பது வயது, காட்டு வேலைக்குப் போகிறவர், ஒன்பது நாள் காய்ச்சலோடு வந்திருந்தார். அக்குளில் சிகரெட் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு. ஸ்க்ரப் டைஃபஸ், புதரில் இருக்கும் ஒரு நுண்ணிய பூச்சி கடித்து வருவது. அந்தப் பொருக்கைத் தேடிப் பார்த்தால்தான் கிடைக்கும். நோய்த்தொற்றில் கதை தண்ணீரோடு முடிவதில்லை. ரத்தக் குழாய்கள் தளர்ந்து பிரஷர் விழுகிறது, கிருமியும் அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பும் கிட்னியின் நுண்குழாய்களை நேரடியாகத் தாக்குகின்றன. வாய்க்காலில் தண்ணீர் விட்டாலும் பாத்தி உடனே நனையாது. எலிக்காய்ச்சலிலும் இதே கிட்னிப் பாதிப்பு வரும்.

அவர் மூத்திரத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது சேற்று நிறத்தில் உருளை உருளையாகத் தெரிந்திருக்கிறது. நுண்குழாய் செல்கள் செத்து உதிர்ந்து வருவதன் அடையாளம் அது. இந்த நிலைக்கு வந்தவருக்கு மேலும் மேலும் சலைன் ஏற்றினால் அது நுரையீரலில்தான் போய் நிற்கும். "இன்னும் ரெண்டு பாட்டில் ஏத்துங்க சார்" என்று அவருடைய மச்சான் கெஞ்சிக்கொண்டிருந்தார், நர்ஸ் மறுத்துக்கொண்டிருந்தார். டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தார்கள், நான்கு முறை டயாலிசிஸ் செய்தார்கள். ஆனால் அந்தச் செல்கள் திரும்ப முளைக்கும், வாய்க்கால் கரையில் புல் முளைப்பது போல. பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். பத்தாம் நாள் அவருக்கு மூத்திரம் பெருகி ஒரே நாளில் நான்கு லிட்டர் போனது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதைக் கேட்டால் டயாலிசிஸ்காரர்களான எங்களுக்குச் சந்தோஷம். கிட்னி வடிகட்டத் தொடங்கிவிட்டது, உறிஞ்ச மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அந்த நாட்களில் போவதற்கு ஏற்ப ஈடுசெய்யாவிட்டால் மறுபடி வற்றிவிடும்.

எல்லோரும் இப்படித் திரும்புவதில்லை. முன்பே கிட்னி பாதி பழுதானவர், வயதானவர், பல நாள் கழித்து வந்தவர் ஆகியோரில் சிலருக்குக் கிரியாட்டினின் இறங்கிப் பாதியில் நின்றுவிடும். முழுதாக இறங்கினாலும் பின்னாளில் நாள்பட்ட கிட்னி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மூன்று மாதம் கழித்து ரத்தமும், மூத்திரத்தில் ஆல்புமினும் பார்க்கச் சொல்வது அதனால்தான். வீட்டுக்குப் போனவர்களில் பலர் அந்தப் பரிசோதனைக்கு வருவதே இல்லை.

மாத்திரைகளைத் திரும்ப ஆரம்பித்தது இன்னொரு பெரிய கதை. டிஸ்சார்ஜ் ஆனபோது அப்பாவின் பிரஷர் 130, மாத்திரை இல்லாமலே. "இனிமே வேண்டாம்போல" என்றார். இரண்டு வாரத்தில் 164 ஆனது. கிரியாட்டினின் 1.2க்கு வந்ததும் டாக்டர் டெல்மிசார்ட்டானை மட்டும் தனியாக ஆரம்பித்தார், தையசைடை விட்டுவிட்டார். பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தோம். கிரியாட்டினின் 1.3, பொட்டாசியம் 4.7. இந்த மாத்திரையில் முப்பது சதவீதம் வரை கிரியாட்டினின் ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம், வெளிமடை திறந்திருப்பதன் அடையாளம் அது. மெட்ஃபார்மின் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு வந்தது. கிளிமெபிரைடு வரவில்லை. டைக்ளோஃபெனாக்குக்கு வீட்டில் இடமே இல்லை, வலிக்கு அளவோடு பாரசிட்டமால்.

எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, இதயத்துக்கான மெட்டோபுரோலால் மாதிரி உள்ளவற்றைச் சட்டென்று விட்டால் வேறு ஆபத்து. இன்சுலின் போடுபவர் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அறவே விடக்கூடாது. இதயம் பலவீனமாகி நீர் மாத்திரை எடுப்பவர் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக்கூடாது. ஆகவே நல்ல நாளிலேயே சீட்டை நீட்டி, "பேதி, வாந்தி வந்தா இதுல எதை நிறுத்தணும், எப்போ திரும்ப ஆரம்பிக்கணும்" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதே சரி. அப்பாவின் சீட்டில் டாக்டர் இரண்டு மாத்திரைகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்தார். சாப்பாடும் தண்ணீரும் வழக்கம்போல இறங்க ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் மறுபடி தொடங்க வேண்டும் என்று கீழே எழுதினார்.

ஆகஸ்டில் ஒரு நாள் அப்பாவே போன் செய்தார். ராத்திரியிலிருந்து ஆறு தடவை வயிற்றால் போயிருக்கிறது.

"சிவப்புப் புள்ளி மாத்திரை ரெண்டையும் போடல. உப்புப் போட்ட கஞ்சி குடிச்சேன். அந்தப் பவுடர அம்மா ஒரு லிட்டர் பாட்டில்ல கலக்கி வச்சிருக்கா, பாதி குடிச்சாச்சு."

"மூத்திரம்?"

"காலையில இருந்து மூணு தடவை. வெளுப்பாத்தான் இருக்கு. மடையில தண்ணி ஓடுதுடா" என்றார்.